பாஸ் இருந்தும் இருக்கைக்குத் தனிக் கட்டணம் ஏன்? ஐரோப்பிய அதிவேக ரயில் முன்பதிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூரெயில் பாஸ் வாங்கியாச்சு, அதுவே டிக்கெட்தானே? பிறகு ஏன் பிரான்ஸின் அதிவேக ரயிலான டிஜிவியில் ஏற இன்னொரு தொகை கேட்கிறார்கள்?

பாஸ் தருவது பயண உரிமையை மட்டும்தான். குறிப்பிட்ட நாட்களில் குறிப்பிட்ட நாடுகளின் ரயில்களில் போகலாம், அந்தத் தூரத்துக்கான கட்டணம் ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டது என்பதுதான் அதன் பொருள். நீங்கள் எந்த ரயிலில், எந்தப் பெட்டியில், எந்த இருக்கையில் உட்காரப் போகிறீர்கள் என்று அதில் ஒன்றும் இல்லை.

பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா, ஸ்பெயினின் ஏவிஇ, யூரோஸ்டார் ஆகிய ரயில்களில் இருக்கை எண் இல்லாமல் யாரும் பயணம் செய்ய முடியாது. சாதாரண டிக்கெட் வாங்குபவருக்கு அந்த எண் டிக்கெட்டோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. பாஸ் வைத்திருப்பவருக்கு உரிமை மட்டும் வந்திருக்கிறது, எண் வரவில்லை. அதை நீங்களே தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். யூரெயில் என்பது ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கானது, இன்டர்ரெயில் அங்கேயே வசிப்பவர்களுக்கானது. முன்பதிவைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே நிலைதான்.

ஒரு பயண நாளில் எத்தனை ரயில் வேண்டுமானாலும் ஏறலாம் என்பது உண்மை. ஆனால் ஒரே நாளில் மூன்று டிஜிவி மாறினால் மூன்று முன்பதிவு வேண்டும். இது பலருக்கும் தாமதமாகத்தான் தெரிய வருகிறது.

ஜெர்மனியின் அதிவேக ரயிலான ஐசிஇ-யில் பாஸோடு அப்படியே ஏறிவிட்டேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. பிரான்ஸில் மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?

இரண்டு நாடுகளும் அதிவேக ரயிலை இரண்டு விதமாக நினைத்துப் பார்த்தன. அங்கிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது.

ஜெர்மனியில் 1979-லிருந்தே பெருநகரங்களுக்கு இடையே மணிக்கொரு இன்டர்சிட்டி ரயில் என்ற ஏற்பாடு வந்துவிட்டது. 1991-இல் ஐசிஇ ஓடத் தொடங்கியபோது அதே ஒழுங்கில்தான் அதையும் கோத்தார்கள். அந்த முறையில் பயணி ஒரு தடத்துக்கு டிக்கெட் வாங்குகிறார். எட்டு மணி ரயில் போய்விட்டால் ஒன்பது மணி ரயிலில் ஏறிக்கொள்ளலாம். வழியில் வேறொரு ரயிலுக்கு மாறுவதும் சுலபம், ஏனென்றால் நேர அட்டவணையே அப்படிப் பின்னப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட முறையில் எல்லோரையும் ஒரு ரயிலோடு கட்டிப்போட்டால் முறையே குலைந்துவிடும். அதனால் முன்பதிவு அங்கே விருப்பத்துக்குரியது. கூட்டம் அதிகமென்றால் நின்றுகொண்டும் போகலாம்.

பிரான்ஸ் வேறு வழியில் போனது. 1981 செப்டம்பரில் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே டிஜிவி தொடங்கியபோதே முன்பதிவு கட்டாயம் என்று வைத்தார்கள். நாட்டின் ரயில் தடங்கள் பெரும்பாலும் பாரிஸிலிருந்து விசிறி போலப் பிரிகின்றன. அதிகம் பேர் பாரிஸிலிருந்து கிளம்பி நேராக ஒரு பெருநகரத்தில் இறங்குகிறார்கள், நடுவில் மாறுவது குறைவு. இப்படி இடைநிற்றல் குறைந்த நீண்ட ஓட்டத்தில் ஒவ்வொரு ரயிலையும் தனித்தனிச் சரக்காக விற்க முடியும். 1993-இல் பிரெஞ்சு ரயில்வே 'சோக்ராட்' என்ற முன்பதிவு அமைப்பைக் கொண்டுவந்தது. அது ஒரு அமெரிக்க விமான நிறுவனத்தின் முன்பதிவு மென்பொருளை அடியொற்றியது. விமானத்தில் போலவே, ஒரே ரயிலின் ஒரே வகுப்பு இருக்கைகள் தேவைக்கேற்ப வெவ்வேறு விலைக்குப் போகத் தொடங்கின. வெள்ளி மாலை ரயிலில் விலை ஏறும், செவ்வாய் மதியம் இறங்கும்.

இப்படி விற்பதென்றால் ஒவ்வொரு இருக்கையும் கணக்கில் இருந்தே ஆக வேண்டும். இரட்டை அடுக்கு டிஜிவி ஒன்றில் 500-க்குச் சற்று மேல் இருக்கைகள். அவற்றில் எத்தனை விற்றுவிட்டன, எத்தனை மிச்சம் என்று தெரிந்தால்தான் அடுத்த இருக்கைக்கு விலை வைக்க முடியும். கணக்குக்கு வெளியே ஐம்பது பாஸ்காரர்கள் வந்து ஏறினால் அந்த ஏற்பாடு முழுவதும் ஆடிப்போகும்.

ஸ்பெயினும் இத்தாலியும் பெரும்பாலும் பிரெஞ்சு வழியைத்தான் பின்பற்றின. யூரோஸ்டாருக்கு இன்னொரு காரணமும் உண்டு. லண்டனுக்குப் போகும் ரயில்களில் ஏறுமுன் பாதுகாப்புச் சோதனையும் கடவுச்சீட்டுச் சோதனையும் நடக்கின்றன. யார் எந்த ரயிலில் ஏறுகிறார் என்பது முன்கூட்டியே தெரியாமல் அங்கே காரியம் நடக்காது. ஸ்பெயினின் ஏவிஇ நிலையங்களிலும் பெட்டிகளை ஸ்கேன் செய்துதான் நடைமேடைக்கு விடுகிறார்கள்.

எது சிறந்த முறை என்று கேட்டால், ஊர் சுற்ற வந்தவருக்கு ஜெர்மன் முறைதான் இனிது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஐசிஇ-யின் கதவோரம் பெட்டிமேல் உட்கார்ந்து நான்கு மணி நேரம் போனவர் டிஜிவியைப் பற்றிக் குறை சொல்ல யோசிப்பார்.

நான் பாஸ் வாங்கவில்லை. பாரிஸிலிருந்து லியோனுக்கு நேரடியாக டிக்கெட்தான் வாங்கினேன். நானும் தனியாக முன்பதிவு செய்ய வேண்டுமா?

வேண்டாம். டிஜிவி, ஃப்ரெச்சாரோசா, ஏவிஇ ஆகியவற்றின் டிக்கெட்டில் இருக்கை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. டிக்கெட்டைத் திறந்து பாருங்கள். பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும் அச்சாகியிருந்தால் வேலை முடிந்தது. பிரெஞ்சு டிக்கெட்டில் பெட்டி Voiture என்றும் இருக்கை Place என்றும் இருக்கும், இத்தாலிய டிக்கெட்டில் Carrozza, Posto.

ஜெர்மன் டிக்கெட்டில் அந்த எண்கள் இல்லாமலும் இருக்கலாம். அதுவும் செல்லுபடியாகும் டிக்கெட்தான், நீங்கள் இருக்கையை வாங்கவில்லை, அவ்வளவே.

எந்த ரயிலுக்குக் கட்டாயம், எதற்கு இல்லை என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

நாட்டின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், ரயிலின் வகையை வைத்து முடிவு செய்யுங்கள். பிரான்ஸில் டிஜிவிக்குக் கட்டாயம். அதே பிரான்ஸில் டிஇஆர் எனப்படும் வட்டார ரயில்களில் பாஸைக் காட்டிவிட்டு ஏறலாம். இத்தாலியில் ஃப்ரெச்சா என்று தொடங்கும் எல்லா ரயிலுக்கும் வேண்டும், உள்நாட்டு இன்டர்சிட்டிக்கும் வேண்டும், Regionale என்று வருபவற்றுக்கு வேண்டாம். சுவிட்சர்லாந்தின் உள்நாட்டு ரயில்களிலும் ஆஸ்திரியாவின் ரெயில்ஜெட்டிலும் பொதுவாகக் கட்டாயமில்லை. போலந்தின் பெண்டோலினோவுக்கும் சுவீடனின் எஸ்ஜே அதிவேக ரயில்களுக்கும் கட்டாயம்.

சரிபார்க்க இரண்டு இடங்கள் போதும். பாஸோடு வரும் Rail Planner செயலியில் ஒரு பயணத்தைத் தேடினால், முன்பதிவு தேவையா என்பது ஒவ்வொரு ரயிலுக்கும் கீழே தெரியும். முன்பதிவு தேவைப்படாத ரயில்களை மட்டும் காட்டச் சொல்லும் வடிகட்டியும் அதில் இருக்கிறது. இரண்டாவது, ஜெர்மன் ரயில்வேயின் bahn.de. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளின் நேர அட்டவணை அதில் இருக்கிறது, கட்டாய முன்பதிவு உள்ள ரயிலின் விவரத்தில் அதைச் சொல்லிவிடும். இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால், கட்டாயம் என்று சொல்வதையே நம்புங்கள்.

ஒரு பொறி உண்டு. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன் நகரங்களுக்கு இடையே தாலிஸ் என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்த சிவப்பு ரயில்கள் 2023-இல் யூரோஸ்டார் பெயருக்கு மாறிவிட்டன. கடலுக்கு அடியில் லண்டனுக்குப் போகாத யூரோஸ்டாரும் இருக்கிறது, அதற்கும் முன்பதிவு கட்டாயம். பிரஸ்ஸல்ஸிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு மட்டும் போக வேண்டுமென்றால் அதே வழியில் முன்பதிவு கேட்காத ரயிலும் ஓடுகிறது. அவசரமில்லாதவர் அதில் ஏறிக்கொள்ளலாம்.

இன்னொன்று, திரையில் OUIGO என்று வரும் மலிவு டிஜிவிகளில் பாஸே செல்லாது. முன்பதிவு சேர்த்தாலும் பயனில்லை. அதில் போக வேண்டுமென்றால் முழு டிக்கெட் வாங்க வேண்டும்.

டிக்கெட் விற்கும் தளத்தில் அந்த ரயிலில் இடம் இருப்பதாகக் காட்டுகிறது. ஆனால் பாஸ் முன்பதிவு தீர்ந்துவிட்டது என்கிறார்கள். இது எப்படி?

பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட இருக்கைகள் தனிக் கணக்கு. முழு விலைக்கு விற்கக்கூடிய இருக்கையைப் பத்து, இருபது யூரோவுக்குத் தருவதில் ரயில் நிறுவனத்துக்குப் பெரிய ஆர்வம் இருக்காது. பாஸ் விற்ற பணத்திலிருந்து அவர்களுக்குப் பங்கு வரும் என்றாலும், கோடைக்காலத்து வெள்ளி மாலை ரயிலில் கடைசி நேரத்தில் டிக்கெட் வாங்குபவர் தரும் தொகைக்கு அது ஈடாகாது. அதனால் தேவை அதிகமுள்ள ரயில்களில் ஒதுக்கீடு குறுகிவிடும். டிஜிவியிலும் யூரோஸ்டாரிலும் இது வெளிப்படையாகத் தெரியும். இத்தாலியில் இந்தச் சிக்கல் குறைவு, பெரும்பாலும் ரயிலில் இடம் இருக்கும்வரை பாஸ் முன்பதிவும் கிடைக்கிறது.

இதை வைத்தே திட்டத்தின் வரிசையை அமைக்கலாம். யூரோஸ்டாரையும் டிஜிவியையும் முதலில் பூட்டிவிடுங்கள். இத்தாலிய ரயில்களை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஜெர்மனியையும் சுவிட்சர்லாந்தையும் அன்றன்றைக்கே தீர்மானிக்கலாம்.

சரி, முன்பதிவை எப்படிச் சேர்ப்பது? எங்கே தொடங்குவது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். Rail Planner செயலியில் ஒரு ரயிலைத் தேர்ந்து, My Trip-இல் சேர்த்து, பாஸோடு இணைத்தால் திரையில் அழகாக ஒரு டிக்கெட் உருவாகும், அதில் க்யூஆர் குறியீடும் வரும். பலரும் இத்தோடு இருக்கை கிடைத்துவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். கிடைக்கவில்லை. பரிசோதகர் ஸ்கேன் செய்யும் பயண உரிமைதான் அது. முன்பதிவு என்பது பணம் கட்டி வாங்கும் வேறொரு ஆவணம், அதில் பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும் இருக்கும். கட்டாய முன்பதிவு உள்ள ரயிலில் இரண்டையும் காட்ட வேண்டும்.

வாங்கும் வழி இது. eurail.com-இல் உங்கள் கணக்கில் நுழைந்து இருக்கை முன்பதிவுப் பகுதிக்குப் போங்கள். புறப்படும் நிலையம், சேரும் நிலையம், தேதி கொடுத்தால் அன்றைய ரயில்கள் வரும். செயலியில் பார்த்து வைத்திருக்கும் ரயிலின் எண்ணையும் நேரத்தையும் ஒப்பிட்டு அதையே தேர்ந்தெடுங்கள். வகுப்பு பாஸின் வகுப்போடு பொருந்த வேண்டும். பயணிகளின் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி இடுங்கள், பாஸ் எண் கேட்டால் செயலியில் உள்ள எண்ணைக் கொடுங்கள். பணம் கட்டியதும் முன்பதிவு பிடிஎஃப் ஆக மின்னஞ்சலுக்கு வரும். இந்தத் தளம் ரயில் நிறுவனத்தின் கட்டணத்துக்கு மேல் ஒரு ரயிலுக்கு ஆளுக்கு 2 யூரோ சேவைக் கட்டணம் வைக்கிறது.

அங்கே அந்த ரயில் வராவிட்டால் அல்லது தீர்ந்துவிட்டதென்றால், நேரே நிலையத்தின் டிக்கெட் கவுண்டருக்குப் போகலாம். பாரிஸ், ரோம், மிலான் போன்ற பெரிய நிலையங்களில் பாஸைக் காட்டி முன்பதிவு மட்டும் வேண்டும் என்று சொன்னால் போதும். தேதி, ரயில் எண், நிலையங்கள், ஆள் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் மொழிச் சிக்கலே இல்லை. கோடைக்காலத்தில் கவுண்டர் வரிசை நீளம், கிளம்ப அரை மணி இருக்கும்போது போய் நிற்காதீர்கள்.

எப்போது வாங்குவது? பெரும்பாலான அதிவேக ரயில்களின் விற்பனை பயணத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது. ஜூலை, ஆகஸ்ட் மாத டிஜிவிக்கும் யூரோஸ்டாருக்கும் திறந்த சில நாட்களுக்குள் வாங்குவது நல்லது. பாஸின் பயண நாளை அதற்காக முன்கூட்டியே தொடங்கத் தேவையில்லை. முன்பதிவை இப்போது வாங்கிவிட்டு, பயண நாளைப் புறப்படும் அன்று, ரயிலில் ஏறுவதற்கு முன் செயலியில் செயல்படுத்துங்கள். அதை மறந்துவிட்டால் இருக்கை எண் மட்டும் கையில் இருக்கும், பயண உரிமை இருக்காது. அதுவும் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்ததாகத்தான் கொள்ளப்படும்.

நாங்கள் இரண்டு பேர், ஜூலை மாதச் சனிக்கிழமை பாரிஸிலிருந்து மார்செய் போக வேண்டும். தேடினால் பாஸ் முன்பதிவு எதுவும் இல்லை. என்ன செய்வது?

நேரடி டிஜிவி பாரிஸின் கார் தெ லியோன் நிலையத்திலிருந்து கிளம்பி மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு மார்செய் போகிறது. கோடை விடுமுறையின் சனிக்கிழமைகள் பிரெஞ்சுக்காரர்கள் மொத்தமாகத் தெற்கே கிளம்பும் நாட்கள். நீங்கள் முட்டிக்கொண்டது ஆண்டிலேயே கடினமான கதவில்.

முதலில் அதே நாளின் மற்ற நேரங்களைப் பாருங்கள். காலை ஒன்பதிலிருந்து மதியம்வரை எல்லாம் நிறைந்திருந்தாலும், அதிகாலை ரயிலிலோ இரவு ஏழுக்கு மேல் கிளம்பும் ரயிலிலோ இரண்டு இடம் மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு. இரண்டு பேருக்கும் சேர்த்துத் தேடும்போது வராத இடம், ஒவ்வொருவருக்காகத் தனியே தேடினால் சில சமயம் வரும். அடுத்தடுத்த இருக்கை கிடைக்காது, மூன்று மணி நேரம்தானே.

அதுவும் இல்லையென்றால் பயணத்தை உடைத்துப் பாருங்கள். பாரிஸ் முதல் மார்செய் வரை தீர்ந்துபோன நாளில்கூட, பாரிஸ் முதல் லியோன் வரை முன்பதிவு கிடைக்கலாம், ஏனென்றால் அந்தத் தடத்தில் ஓடும் டிஜிவிகள் மிக அதிகம். லியோன் பார்-தியூ நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மார்செய்க்கு நேராகப் போகும் டிஇஆர் ரயிலில் மாறிக்கொள்ளலாம். அது ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே வலான்ஸ், அவிஞ்ஞோன் என்று நின்று நின்று ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரத்தில் சேர்க்கும். அதற்கு முன்பதிவே கிடையாது. பாரிஸிலிருந்து லியோனுக்கு டிஜிவியில் இரண்டு மணி நேரம், மாறும் நேரத்தையும் சேர்த்தால் மொத்தம் ஆறரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். செலவு ஆளுக்கு ஒரே ஒரு முன்பதிவுக் கட்டணம்.

டிஜிவியே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. கார் தெ லியோனிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் பாரிஸ் பெர்சி என்ற இன்னொரு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து டிஜோன் வழியாக லியோனுக்கு டிஇஆர் ஓடுகிறது, சுமார் ஐந்து மணி நேரம். பிறகு முன்சொன்ன ரயிலில் மார்செய். காலை ஏழு, எட்டுக்குக் கிளம்பினால் மாலைக்குள் போய்விடலாம், முன்பதிவுக்கு ஒரு காசு கொடுக்காமல். ஆனால் கோடைச் சனிக்கிழமையில் இந்த ரயில்களிலும் கூட்டம் இருக்கும். முன்பதிவு இல்லாத ரயிலில் முந்தி வந்தவர்க்கே இடம், அரை மணி முன்னதாக நடைமேடையில் இருங்கள்.

இந்த மூன்றில் நடுவில் சொன்னதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். முழுக்க டிஇஆர்-இல் போவது ஒரு நாளைத் தின்றுவிடும். அதற்குப் பதில் வெள்ளி மாலையைத் தவிர்த்து வியாழனுக்கோ ஞாயிறு காலைக்கோ பயணத்தை நகர்த்த முடிந்தால் அது எல்லாவற்றையும்விட மேல்.

ஒரு முன்பதிவுக்கு எவ்வளவு ஆகும்?

இரண்டாம் வகுப்பில், பிரான்ஸுக்குள் ஓடும் டிஜிவிக்குப் பொதுவாக 10 அல்லது 20 யூரோ. இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா வகையறாவுக்கு 13 யூரோ, அங்குள்ள இன்டர்சிட்டிக்கு 3 யூரோ. யூரோஸ்டார் மிக அதிகம், லண்டன் ரயிலுக்கு 30 யூரோவுக்கு மேல் போகும். ஜெர்மனியில் விரும்பினால் மட்டும் போடும் முன்பதிவு 5 யூரோவுக்குச் சற்று மேல். இந்தத் தொகைகள் அவ்வப்போது கூட்டப்படுகின்றன, பணம் கட்டும் திரையில் வருவதே இறுதி.

பாஸ் வாங்குவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் மட்டுமே சுற்றப் போகிறவர் ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கும் முன்பதிவுக் கட்டணம் கட்டுவார். அவருக்குச் சில மாதங்களுக்கு முன்பே வாங்கும் சாதாரண டிக்கெட் பாஸைவிட மலிவாக முடிவது அடிக்கடி நடப்பதுதான். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்துப் பக்கம் சுற்றுபவருக்குத்தான் பாஸ் முழுப் பலன் தரும்.

குழந்தைக்கு இலவசப் பாஸ்தானே, அவனுக்கும் முன்பதிவு வேண்டுமா?

வேண்டும். 4 முதல் 11 வயது வரை பெரியவரோடு வரும் குழந்தைக்குப் பாஸ் இலவசம். ஆனால் அது உட்காரும் இருக்கை ஒரு இருக்கைதான், அதற்குரிய கட்டணம் உண்டு. 4 வயதுக்குக் குறைந்த குழந்தை மடியில் இருந்தால் தேவைப்படாது.

முன்பதிவு இல்லாமலே ஏறிவிட்டால் என்ன ஆகும்?

பாரிஸின் பெரிய நிலையங்களில் ஏறவே முடியாமல் போகலாம். டிஜிவி நடைமேடைகளுக்கு முன்னால் தானியங்கிக் கதவுகள் இருக்கின்றன, முன்பதிவில் உள்ள குறியீட்டை ஸ்கேன் செய்தால்தான் திறக்கும். புறப்படும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே அவை மூடிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஸ்பெயினிலும் அப்படியே, யூரோஸ்டாரில் கேட்கவே வேண்டாம்.

கதவு இல்லாத நிலையத்தில் ஏறிவிட்டால் பரிசோதகர் முன்பதிவுக் கட்டணத்தோடு அபராதமும் வசூலிப்பார். ரயிலில் இடம் இல்லையென்றால் அடுத்த நிலையத்தில் இறக்கிவிடவும் அவருக்கு உரிமை உண்டு. வேறு வழியே இல்லாமல் ஏறியிருந்தால், அவர் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே தேடிப் போய்ச் சொல்லிவிடுங்கள். பிடிபட்டவரையும் தானாக வந்தவரையும் பரிசோதகர்கள் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

ரயிலைத் தவறவிட்டுவிட்டேன். முன்பதிவு வீணா?

உங்கள் தவறால் விட்டிருந்தால் பெரும்பாலும் வீண்தான். முன்பதிவு அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே. பாஸின் பயண நாள் மட்டும் அப்படியே இருக்கும், அன்று நள்ளிரவு வரை வேறு ரயிலில் போகலாம், அதற்குப் புது முன்பதிவு வாங்க வேண்டும். பாஸ்காரர்களின் முன்பதிவுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது. திட்டம் மாறியது முன்பே தெரிந்தால், ரயில் புறப்படும் முன் கேட்டுப் பாருங்கள், சில நிறுவனங்கள் மாற்றித் தருகின்றன.

முந்தைய ரயில் தாமதமாக வந்ததால் இணைப்பு ரயிலை விட்டிருந்தால் கதை வேறு. முதல் ரயிலின் பரிசோதகரிடம் தாமதத்தை உறுதிப்படுத்தி ஏதாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது தாமதம் காட்டும் நிலையத் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு கவுண்டருக்குப் போனால் அடுத்த ரயிலில் ஏற்றிவிட வாய்ப்புண்டு. இணைப்பு ரயிலுக்கு முன்பதிவு போடும்போதே இடையில் ஒரு மணி நேரமாவது விட்டு வைப்பது இதற்காகத்தான். செயலி காட்டும் பன்னிரண்டு நிமிட மாற்றம் முன்பதிவு இல்லாத ரயிலுக்குப் பரவாயில்லை, டிஜிவிக்கு ஆபத்து.

ஜெர்மனியில் கட்டாயமில்லை என்கிறீர்கள். அப்படியானால் போடவே வேண்டாமா?

வெள்ளி பிற்பகலும் ஞாயிறு மாலையும் நீண்ட பயணமென்றால் போட்டுவிடுங்கள், ஐந்து யூரோ சொச்சத்துக்கு மதிப்பு இருக்கிறது. bahn.de-இல் டிக்கெட் இல்லாமல் இருக்கையை மட்டும் வாங்கும் வசதி இருக்கிறது, ஆங்கிலப் பக்கத்தில் Seat only என்று தேடுங்கள். மற்ற நேரங்களில் அப்படியே ஏறலாம்.

ஏறியதும் இருக்கைக்கு அருகில் உள்ள சிறு திரையைப் பாருங்கள். இரண்டு ஊர்களின் பெயர் இருந்தால் அந்த ஊர்களுக்கு இடையே அது வேறொருவருக்குரியது. வெறுமையாக இருந்தால் உட்காரலாம். ggf. freigeben என்று இருந்தால் உட்காரலாம், ஆனால் கடைசி நேரத்தில் முன்பதிவு செய்த ஒருவர் வந்தால் எழுந்து கொடுக்க வேண்டும். முன்பதிவு செய்தவர் தன் நிலையத்திலிருந்து ரயில் கிளம்பி 15 நிமிடத்துக்குள் வந்து உட்காராவிட்டால் அவருடைய உரிமை போய்விடும். அதனால் இருக்கை எண் வாங்கியிருந்தால் உணவுப் பெட்டிக்குப் போவதற்கு முன் பையையாவது அங்கே வைத்துவிட்டுப் போங்கள்.

ஜப்பானிலும் இதே கதைதானா?

பாதி. ஷிங்கான்சென் எனப்படும் அதிவேக ரயில்களில் பலவற்றில் முன்பதிவில்லாத பெட்டிகள் உண்டு, பாஸோடு போய் உட்காரலாம். ஆனால் ஹயாபுசா, கொமாச்சி, ககயாகி போன்றவற்றில் எல்லா இருக்கையும் முன்பதிவுக்கே. பெரிய வேறுபாடு பணத்தில்தான். ஜப்பான் ரெயில் பாஸ் வைத்திருப்பவர்க்கு இந்த ரயில்களின் முன்பதிவுக்குக் கட்டணம் இல்லை, நிலையத்தின் கவுண்டரிலோ இயந்திரத்திலோ வாங்கிக்கொள்ளலாம். விதிவிலக்கு நொசோமியும் மிசுஹோவும். 2023 அக்டோபருக்கு முன் அந்த இரண்டிலும் பாஸே செல்லாது, இப்போது கூடுதல் கட்டணச் சீட்டு வாங்கினால் ஏறலாம். அந்தக் கட்டணம் சிறியதல்ல, டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு மட்டும் 4,960 யென். அதே தடத்தில் பாஸோடு இலவசமாகப் போகும் ஹிக்காரி சற்று மெதுவாகப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.